பாட்டியின் மூக்குத்தி

2017 பொங்கலுக்கு முன் ஒரு நாள், தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். 1958இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. கீறலும் பூஞ்சைக் கறையுமாக இருந்ததைப் பல இரவுகள் உட்கார்ந்து சுத்தம் செய்திருந்தேன். அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏண்டா, அம்மாவோட மூக்குத்தி எங்கடா?”

மூக்குத்தி இல்லை. அதை அழித்தது நான்தான். போட்டோஷாப்பில் `Dust & Scratches` என்றொரு வடிகட்டி உண்டு. சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாத சின்னப் புள்ளிகளைத் தூசி என்று எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து நிறத்தால் மூடிவிடும். அந்தப் படத்தில் மூக்குத்தி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்தான். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று ஸ்கேன் செய்தால் அது 7 பிக்சல். தூசியும் அதே அளவுதான், அதே வெள்ளைதான். வைரத்துக்கும் தூசிக்கும் வித்தியாசம் வடிகட்டிக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும்.

தொடாத ஸ்கேன் இருந்தால் பத்து நிமிட வேலை. என்னிடம் அது இல்லை. `Scan0014.jpg` என்று ஸ்கேனர் வைத்த பெயரிலேயே படத்தைத் திறந்து, திருத்தி, ஒவ்வொரு இரவும் Ctrl+S அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தேன். ஒவ்வொரு அழுத்தலும் முதல் ஸ்கேனின் மேலேயே எழுதியிருந்தது. காகிதப் படத்தை மறுபடி ஸ்கேன் செய்யவும் வழியில்லை. முடிச்சூரில் அத்தை வீட்டுக்குள் 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்தபோது அந்த ஆல்பம் கூழாகிப் போயிருந்தது.

தம்பியின் பழைய பென்டிரைவ் எங்களைக் காப்பாற்றியது. 2013இல் ஸ்கேன் செய்த அன்றே, ஊருக்கு எடுத்துப் போக எல்லாக் கோப்புகளையும் அதில் போட்டு வைத்திருந்தான். அதற்குள் இருந்த `Scan0014.jpg` கையே படாத பிரதி. அதைத் திறந்ததும் மூக்கில் அந்தப் புள்ளி இருந்தது. அது வெறும் அதிர்ஷ்டம். வீட்டில் மிச்சமிருந்த மற்ற ஆல்பங்களையும் அதிர்ஷ்டத்தின் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து நான் செய்துவருவதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், மூலம் என்பது திருத்தங்களின் வரிசையில் முதலாவது அல்ல. அது அந்த வரிசையிலேயே சேராதது. வேலை நடக்கும் இடத்தில் அது இருக்கக் கூடாது. அதனால் ஒவ்வோர் ஆல்பத்துக்கும் மூன்று அறைகள் வைத்தேன்:

```
Album_A/
  0_moolam/
    A014_moolam.jpg
  1_velai/
    A014_v01_nimirthal.tif
    A014_v02_keeral.tif
  2_veliye/
    A014_v02_whatsapp.jpg
```

ஸ்கேனரிலிருந்து வருவது நேராக `0_moolam` அறைக்குப் போகும். அதற்கு முன் ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்கம், தானியங்கி நிறத் திருத்தம் ஆகியவற்றை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூலம் பிறக்கும்போதே திருத்தப்பட்டதாகிவிடும். வேலை தொடங்கும்போது மூலத்தைத் திறப்பதில்லை. முதலில் நகலெடுத்து `1_velai`க்குள் போட்டு, பெயரை மாற்றி, அந்த நகலைத்தான் திறப்பது. ‘திறந்துவிட்டு வேறு பெயரில் சேமித்துக்கொள்ளலாம்’ என்பது பகலில் சரியாக நடக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு விரல் பழக்கப்படி Ctrl+S-ஐத்தான் தேடும்.

விரலைத் தடுக்க ஒரு பூட்டும் உண்டு. விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கி, `Properties`இல் `Read-only` என்ற கட்டத்தைக் குறித்துவிட்டால், பெரும்பாலான மென்பொருள்கள் அதன் மேல் எழுத மறுத்து வேறு பெயர் கேட்கும். கோப்பை நீக்குவதை இந்தப் பூட்டு தடுக்காது, வட்டு பழுதானாலும் உதவாது. தெரியாமல் மேலெழுதுவதைத் தடுக்க இது போதும்.

இனி பெயர். தொடக்கத்தில் `thatha_kalyanam.jpg` என்ற மாதிரிதான் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு படத்தில் சின்னத் தாத்தா என்று நான் நினைத்தவர் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் என்று தெரியவந்தது. ஆளின் பெயர், ஊர், வருடம் எல்லாமே பின்னால் மாறக்கூடிய தகவல்கள். மாறாதது, எந்த ஆல்பம், அதில் எத்தனையாவது படம் என்பதுதான். A ஆல்பம், 14ஆம் படம்: `A014`. காகிதம் இருக்கும் படங்களுக்கு, பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் அதே எண்ணை எழுதிவிடுகிறேன். பின்பக்கத்தில் கையெழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, எண்ணோடு ஒரு `p` சேர்க்கிறேன். யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் ஒரு தனி நோட்டில் இருக்கிறது. அங்கே அடித்துத் திருத்தலாம்.

பூஜ்யங்களுக்கும் காரணம் உண்டு. எழுத்து வரிசைப்படி அடுக்கும் இடங்களில் `v10` என்பது `v2`க்கு முன்னால் வந்து நிற்கும். `v02`, `v10` என்று எழுதினால் எங்கே கொண்டுபோனாலும் வரிசை குலையாது. கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். வைக்கவும் முடியும். ஆனால் ‘கொ’ என்ற எழுத்தில் வரும் குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு பெயராகத் தோன்றலாம். கணினி மாறும்போது, தேடிய கோப்பு கண்ணெதிரே இருந்தும் கிடைக்காமல் போகும். அதனால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துவிட்டு, தமிழை நோட்டில் நிறைய எழுதிக்கொள்கிறேன்.

பென்டிரைவில் கிடைத்த படத்துக்கு இந்த முறை எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். `Scan0014.jpg`க்கு `A014_moolam.jpg` என்று பெயர் மாற்றினேன். பெயரை மாற்றுவதால் உள்ளே ஒரு பிக்சல்கூட மாறாது. நகலெடுப்பதாலும் மாறாது. மாறுவது, திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுட்பங்களைக் கழித்துவிட்டுத்தான் கோப்பைச் சிறிதாக்குகிறது. திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கழித்தல் மறுபடி நடக்கும். 7 பிக்சல் மூக்குத்தி கிட்டத்தட்ட ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே வேலைப் பிரதிகள் எல்லாவற்றையும் இழப்பில்லாத டிஃப் வடிவில் வைத்தேன்.

சாய்ந்திருந்த படத்தை நிமிர்த்தியது `v01`. தாத்தாவின் அங்கவஸ்திரத்தின் குறுக்கே ஓடிய கீறலை மூடியது `v02`. தூசியைக் கையால், புள்ளி புள்ளியாக, நகைகளைத் தொடாமல் எடுத்தது `v03`. அப்போது பெங்களூரிலிருந்த சித்தப்பா, பின்னாலிருந்த கிழிந்த திரையை நீக்கிவிட்டு வெற்றுச் சுவராக்கச் சொன்னார். அது `v04`. அத்தை அதைப் பார்த்ததும், “அது எங்க வீட்டுத் திரைடா, எங்க பாட்டி தச்சது. அத ஏன் எடுத்த?” என்றார். திரை திரும்ப வேண்டும். `v04`க்குள் திரையை வரைந்து வைப்பதில் அர்த்தமில்லை. `v03`இல் அது அப்படியே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி, வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து, `A014_v05_from-v03_velicham.tif` என்று சேமித்தேன். `from-v03` என்ற அந்தத் துணுக்கு இல்லாவிட்டால், ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது `v05` என்பது `v04`இன் பிள்ளை என்றுதான் நானே நினைப்பேன்; திரை எப்படித் திரும்பி வந்தது என்று குழம்புவேன்.

இங்கே இன்னொன்றும் புரிந்தது. `v01`இல் படத்தை நிமிர்த்தி ஓரத்தை வெட்டிவிட்டதால், அதற்குப் பிந்தைய பிரதிகளின் மேல் மூலத்தை வைத்தால் பொருந்தாது. எதையாவது மீட்க வேண்டுமென்றால் நிமிர்த்தலையும் வெட்டலையும் மறுபடி கணக்காகச் செய்ய வேண்டும். `v01` கையில் இருந்தால் அது அப்படியே மேலே உட்காரும். அதனால் இடம் போதாமல் பழைய பிரதிகளை நீக்க நேர்ந்தாலும், மூலத்தோடு `v01`ஐயும் வைத்துக்கொள்கிறேன். நடுவில் உள்ளவை போகலாம்.

மூன்றாவது அறையான `2_veliye` வெளியே கொடுப்பதற்கு. வாட்ஸாப்புக்கு ஒன்று, பிரிண்ட் போட ஒன்று என்று அங்கே ஜேபெக் பிரதிகள் இருக்கும். எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பது பெயரிலேயே தெரியும். இந்த அறையிலிருந்து எதுவும் வேலை அறைக்குத் திரும்பக் கூடாது. ஒருமுறை சித்தப்பா, “இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணுப்பா” என்று வாட்ஸாப்பில் படத்தைத் திருப்பி அனுப்பினார். அது `IMG-` என்று தொடங்கி `WA` எழுத்துகளோடு ஓர் எண்ணைத் தாங்கி வந்தது. நான் ஸ்கேன் செய்தது 2400க்கு 3600 பிக்சல். திரும்பி வந்ததன் நீளப் பக்கம் 1600 பிக்சல். அதை எடுத்துத் திருத்தியிருந்தால், பிக்சல்களில் ஐந்தில் ஒரு பங்கோடுதான் வேலை செய்திருப்பேன். சின்னத் திரையில் அது தெரியவே தெரியாது. சட்டம் போடப் பெரிதாக்கும்போதுதான் முகங்கள் மெழுகு போலத் தெரியும். இப்போது யார் படத்தைத் திருப்பி அனுப்பினாலும் அவர்கள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், படத்தை அல்ல.

மூலம் உண்மையிலேயே தொடப்படாமல்தான் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோப்பின் தேதியையும் முழுதாக நம்ப முடியாது. அதற்குக் கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண் இருக்கிறது. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டினால் கிடைக்கும்:

```
certutil -hashfile A014_moolam.jpg SHA256
```

64 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை வரும். கோப்பின் உள்ளே ஓர் இடத்தில் ஏதாவது மாறினாலும் அந்த வரிசை முழுதும் வேறாகிவிடும். மூலத்தை வைத்த அன்றே அந்த வரிசையை ஓர் உரைக் கோப்பில் சேமித்துவிடுகிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும், அலமாரியில் கழற்றி வைத்திருக்கும் இரண்டாவது வட்டை எடுத்து, இரண்டு பக்கமும் ஒப்பிடுகிறேன். கணினியோடு ஒட்டி ஓடும் இணையச் சேமிப்பு இதற்கு ஈடாகாது. இங்கே மேலெழுதினால், அது அங்கேயும் உடனே மேலெழுதிவிடும்.

ஒரு வருடம் B ஆல்பத்தின் 17ஆம் படத்துக்கு வரிசை ஒத்துப்போகவில்லை. படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யோசித்தபோது நினைவு வந்தது. ஸ்கேன் செய்தபோது அது பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. இப்போது நிமிர்ந்து நிற்கிறது. வீட்டில் யாரோ படம் பார்க்கும் மென்பொருளில் திருப்பும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், அது கேட்காமலேயே அந்தக் கோப்பின் மேல் எழுதிவிட்டது. பிந்தி வந்த படம் என்பதால் அதற்கு மட்டும் பூட்டுப் போட மறந்திருந்தேன். அலமாரி வட்டிலிருந்த பிரதியின் வரிசையைச் சரிபார்த்தேன், பழைய குறிப்போடு ஒத்துப்போனது. அதை எடுத்து `0_moolam` அறையில் வைத்து, `Read-only` கட்டத்தைக் குறித்தேன்.