டீலர் ஆக ஒரு தேர்வு, ஆய்வாளர் ஆக வேறொரு தேர்வு

பங்குத் தரகு நிறுவனத்தில் வேலைக்குப் போக விரும்பும் பட்டதாரிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த இருக்கைக்குப் போகிறோம் என்பதுதான். இதற்கான தேர்வுகளை செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் நடத்துகிறது. ஆனால் இருக்கைக்கு இருக்கை தேர்வு மாறும்.

பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வாடிக்கையாளரின் ஆர்டரை டெர்மினலில் போடுகிற டீலருக்கு எட்டாம் வரிசைத் தேர்வு தேவை. இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள், தேற 60 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். அதனால் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதுபவருக்கு 60 சரியான விடைகள் போதாது, 68 வேண்டும்.

கேள்வி எப்படி இருக்கும்? 1,000 ரூபாய் ஸ்ட்ரைக் விலையில் ஒரு கால் ஆப்ஷனை 20 ரூபாய் பிரீமியம் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். ஒரு லாட்டில் 500 பங்குகள். முடிவு நாளில் பங்கு 1,015 ரூபாயில் நிற்கிறது. ஸ்ட்ரைக் விலையைத் தாண்டிவிட்டதே என்று லாபம் எனக் குறிப்பவர்கள் உண்டு. கிடைத்தது 15, கொடுத்தது 20. பங்குக்கு 5 ரூபாய் வீதம் 2,500 ரூபாய் நஷ்டம். இதே கணக்கைப் போனில் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு டீலர் உடனே சொல்லியாக வேண்டும்.

ஆய்வாளருக்கு உரியது பதினைந்தாம் வரிசைத் தேர்வு. நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படிப்பது, பங்கின் நியாயமான விலையை மதிப்பிடுவது ஆகியவற்றோடு நடத்தை விதிகளும் பாடத்தில் உண்டு. என் பார்வையில் அதிகக் கவனம் கோருவது இந்த விதிகள்தான். தான் பரிந்துரைக்கும் பங்கை, அறிக்கை வெளியாவதற்கு முந்தைய 30 நாட்களிலும் பிந்தைய 5 நாட்களிலும் ஆய்வாளர் தனக்காக வாங்கவோ விற்கவோ கூடாது. தான் வாங்கி வைத்த பங்கைப் புகழ்ந்து விலையேற்றி விற்பதைத் தடுக்கவே இந்த விதி.

இரண்டு சான்றிதழ்களுக்கும் ஆயுள் மூன்று ஆண்டுகள். டீலருக்கான சான்றிதழைக் காலம் முடிவதற்குள் தொடர்கல்வி வகுப்பில் கலந்துகொண்டு புதுப்பிக்கலாம். தேதியைத் தவறவிட்டால் மறுபடியும் தேர்வுதான்.

ஆய்வாளர் தேர்வில் தேறியவுடன் சமூக ஊடகத்தில் குழு தொடங்கி, சந்தா வாங்கிக்கொண்டு பங்குப் பரிந்துரை தர முடியாது. சான்றிதழ் தகுதியை மட்டுமே காட்டும், உரிமம் ஆகாது. செபியில் பதிவு பெற்ற நிறுவனத்தில் ஊழியராகப் பணியாற்றலாம். தனியாகத் தொழில் செய்ய, 2014-ஆம் ஆண்டின் ஆய்வாளர் ஒழுங்குமுறை விதிகளின்படி தானே பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவு எண் INH என்று தொடங்கும். பரிந்துரைக்குப் பணம் கேட்பவர் சான்றிதழை நீட்டினால், அந்த எண்ணைக் கேளுங்கள். செபி இணையதளப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.