சம்பளம் ஒத்துவரலை மேடம்!

'கரன்ட் சி.டி.சி. எவ்வளவு? எக்ஸ்பெக்டட் எவ்வளவு? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?'

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நாலைந்து வருடம் வேலை பார்த்த எந்த டிப்ளமோக்காரரின் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் இந்த மூன்று கேள்விகள் இருக்கும். கேட்பவர் பெரும்பாலும் கன்சல்டன்சியில் ஆள் எடுத்துத் தரும் ஒரு பெண். பதில் போகிறது. அவர் கம்பெனியின் பட்ஜெட்டைச் சொல்கிறார். இரண்டு தொகைக்கும் நடுவே லட்சக்கணக்கில் பள்ளம். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நீல டிக் மட்டும் விழுந்து கிடக்கும். அந்தப் பெண் போன் அடித்தாலும் இவர் எடுப்பதில்லை.

இந்த மௌனத்தால் நஷ்டப்படுவது யார்? அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் வீணாகிறது. வேலை தேடும் இளைஞருக்கும், அவரைப்போல் வேலை தேடும் மற்றவர்களுக்கும் வரும் நஷ்டம் அதைவிடப் பெரியது. ஏனென்று பார்க்க, முதலில் கன்சல்டன்சியின் கணக்குக்குள் போக வேண்டும்.

கன்சல்டன்சிக்குக் கூலி தருவது கம்பெனி. வேலைக்குச் சேர்பவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவிகிதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், இந்தத் தொழிலில் பரவலாக இருக்கும் விகிதம். 5.4 லட்சத்துக்கு ஆள் சேர்ந்தால் சுமார் 45,000 ரூபாய். அதே ஆள் 7.2 லட்சத்துக்குச் சேர்ந்தால் 60,000. ஆகவே உங்கள் சம்பளத்தைக் குறைப்பதில் அவருக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. உங்களுக்குக் கூடினால் அவருக்கும் கூடும். சேர்ந்தவர் இரண்டு மூன்று மாதத்துக்குள் கிளம்பிவிட்டால், வேறு ஆளைச் சும்மா பிடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அவர் ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும். அரை மனதோடு சேர்ந்துவிட்டு ஓடுபவரைவிட, முதல் நாளே முடியாது என்பவர்தான் அவருக்கு வேண்டியவர். (உங்களிடமே பணம் கேட்கிற கன்சல்டன்சி என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே பதிலே வேண்டாம், விலகிவிடுங்கள்.)

பிறகு ஏன் அவரால் கூட்டித் தர முடியவில்லை? பட்ஜெட் அவர் கையில் இல்லை. கம்பெனி எச்.ஆர். கையிலும் முழுதாக இல்லை. அதே லைனில் ஏழு வருடமாக இருக்கும் ஒருவர் 5.5 லட்சம் வாங்கும்போது, புதிதாக வருபவருக்கு 7 லட்சம் கொடுத்தால் விஷயம் கேன்டீனில் பரவ ஒரு வாரம்கூடப் பிடிக்காது. அடுத்த வாரம் பழைய ஆட்கள் எச்.ஆர். அறை வாசலில் நிற்பார்கள். இந்தப் பயம்தான் பட்ஜெட்டின் உச்சவரம்பைக் கட்டிவைக்கிறது. முப்பது, நாற்பதாயிரம் வித்தியாசம் என்றால் பேசிப் பார்க்க இடம் உண்டு. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்றால் எத்தனை மெசேஜ் தட்டினாலும் அந்தச் சுவர் நகராது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். படப்பையில் குடியிருக்கும் ஒரு மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர், ஒரகடத்தில் பிரஸ் ஷாப் ஒன்றில் குவாலிட்டி இன்ஜினியர், ஆறு வருட அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய சி.டி.சி. 4.8 லட்சம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அதே வேலைக்கு 5.4 லட்சம் என்று அழைப்பு வருகிறது. அவர் மனதில் இருப்பது 7 லட்சம்.

4.8 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000. அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவிகிதம் கட்டும் இடங்களில் இதுதான் தொகை. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால், அதில் 4.81 சதவிகிதம் கிராஜுவிட்டிக்கு என்று ஒதுக்குவார்கள், அது 962. பிறகு அவர் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. தொழில் வரியை விட்டுவிட்டால் கைக்கு வருவது 35,438.

புதிய வேலையின் 5.4 லட்சத்தில் பத்து சதவிகிதம், அதாவது 54,000 ரூபாய், வேரியபிள் பே. வருடக் கடைசியில் கம்பெனியின் லாபத்தையும் மேலதிகாரி போடும் ரேட்டிங்கையும் பார்த்து வரும், வராமலும் போகும். மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,500. அடிப்படைச் சம்பளம் 22,500 என்றால் கிராஜுவிட்டி ஒதுக்கீடு 1,082. இரண்டு பி.எஃப். பங்கும் போகக் கைக்கு வருவது 35,818.

காகிதத்தில் பன்னிரண்டரை சதவிகித உயர்வு. கையில் மாதம் 380 ரூபாய். இப்போதைய கம்பெனி பஸ் படப்பை வழியாக வருகிறது, புதிய கம்பெனி பஸ் வராது என்றால் அந்த 380 பெட்ரோலுக்கே பத்தாது. அவர் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்; கோபம் வருகிறது. 'இந்தச் சம்பளத்துக்கு ஹெல்பர்கூட வரமாட்டான் மேடம்' என்று தட்டத் தோன்றுகிறது. அல்லது வீட்டு லோன், தங்கை கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதத் தோன்றுகிறது. இரண்டும் வேண்டாம். முதலாவது அந்தப் பெண்ணின் கையில் இல்லாத ஒன்றுக்காக அவரைக் காயப்படுத்துகிறது. இரண்டாவது அவரைச் சங்கடத்தில் தள்ளுகிறது. உங்கள் வீட்டுச் செலவைக் காட்டி அவரால் கம்பெனியிடம் வாதாட முடியாது. சந்தையில் உங்களைப் போன்றவர் என்ன கேட்கிறார் என்பதைக் காட்டி வாதாட முடியும்.

அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

'வணக்கம் மேடம். இருங்காட்டுக்கோட்டை குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு என்னைக் கேட்டதற்கு நன்றி. 5.4 லட்சத்தில் வேரியபிள் போனால் எனக்குக் கையில் இப்போது வருவதேதான் வரும். வேரியபிள் சேர்க்காமல் 7 லட்சம் எதிர்பார்க்கிறேன். ரொம்ப தூரம் இருப்பதால் இந்த இன்டர்வியூவுக்கு வரவில்லை. சப்ளையர் குவாலிட்டியில் அந்த அளவுக்கு ஏதாவது வந்தால் அவசியம் சொல்லுங்கள், நோட்டீஸ் 60 நாள். இந்த வேலைக்குப் பொருந்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் அனுப்புகிறேன்.'

எந்த வேலை என்று பெயர் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அவர் ஒரே நாளில் பத்துப் பதினைந்து இடத்துக்கு ஆள் தேடுகிறார். வெறும் 'சாரி மேடம், ஒத்துவராது' என்று அனுப்பினால் எது ஒத்துவராது என்று அவருக்குத் தெரியாது. தொகையைச் சொல்லும்போது வேரியபிள் சேர்த்தா சேர்க்காமலா என்பதைச் சொல்லாவிட்டால், அடுத்த முறையும் இதே பள்ளத்தில்தான் இருவரும் வந்து நிற்பீர்கள். நண்பரின் நம்பரை அவரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். அவர் இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் வேலை தேடுபவராக இருக்கலாம். அந்தக் கடைசி வரிக்கு உண்மையில் ஆள் இல்லையென்றால் அதை வெட்டிவிடுங்கள்.

மெசேஜில் இல்லாதவற்றையும் பாருங்கள். 'யோசித்துச் சொல்கிறேன்' இல்லை. 'உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்' என்ற பேரமும் இல்லை. முடிவு எடுத்தாகிவிட்டது என்பது தெளிவாகத் தெரிவதால்தான் அவர் வருத்தப்படாமல் அடுத்த ஆளுக்குப் போகிறார்.

இனி நான் கவலைப்படும் விஷயம். கன்சல்டன்சியின் எக்ஸெல் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். பதில் சொல்லாதவருக்கு நேரே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று விழுகிறது. தொகை சொல்லி மறுத்தவருக்கு நேரே 'சாலரி மிஸ்மேட்ச், 7 ஃபிக்ஸட்' என்று விழுகிறது. வாரக் கடைசியில் அந்தத் தாள் கம்பெனி எச்.ஆர்.க்குப் போகிறது. பதினைந்து பெயரில் பத்துப் பேருக்கு நேரே 'நாட் ரெஸ்பாண்டிங்' இருந்தால், எச்.ஆர். படிப்பது ஒன்றுதான்: பசங்களுக்குப் பொறுப்பில்லை, இன்னும் நல்ல கன்சல்டன்சியாகப் பார்ப்போம். பட்ஜெட் அப்படியே கிடக்கும். அதே பத்துப் பேருக்கு நேரே 6.5, 7, 6.8 என்று தொகைகள் இருந்தால், அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிளான்ட் ஹெட்டிடம் போகலாம். காலி இடத்தால் லைன் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் என்று நினைத்து மௌனமாக விலகும்போது, இந்த வட்டாரத்தில் குவாலிட்டி இன்ஜினியரின் விலை என்ன என்பதை எங்கேயும் யாரும் எழுதிவைக்காமல் போகிறோம். சங்கம் வைத்துப் பேசும் வாய்ப்பு சூப்பர்வைசருக்கும் இன்ஜினியருக்கும் நடைமுறையில் கிடையாது. அவர்கள் கூட்டாகப் பேசுகிற ஒரே இடமாக அந்த ரிமார்க்ஸ் கட்டம்தான் இருக்கிறது. அதை வெறுமையாக விடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

'இன்டர்வியூ முடிந்தபின் கம்பெனிக்காரன் மட்டும் பதில் சொல்கிறானா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் பதில் சொல்லாமல் விடுவதால் தாளில் உங்கள் தொகை ஏறப்போவதில்லை.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட்டுகள் விரிந்தன. பார்ப்பதற்குப் பரந்த ஊர். ஆள் எடுப்பவர்களின் உலகம் சின்னது. இன்று கன்சல்டன்சியில் போன் பேசும் பெண் நாளை ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவாகப் போய்ச் சேர்கிறார். பழைய பட்டியலும் அவரோடு போகிறது. 2014-ல் ஸ்ரீபெரும்புதூரின் பெரிய செல்போன் ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடி நின்றார்கள். அப்படி ஒரு நெருக்கடி வரும்போது, புதிதாக வந்து குவியும் பயோடேட்டாக்களுக்கு நடுவே, ஏற்கெனவே பேசிப் பழகிய குரல்தான் அவருக்கு முதலில் நினைவுக்கு வரும்.

அதற்காக நட்பை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. தினமும் காலை வணக்கப் படம் அனுப்புவது அவருக்குத் தொல்லை. சம்பளம் கூடினாலோ, வேலை மாறினாலோ, நோட்டீஸ் நாள் குறைந்தாலோ ஒரு வரி எழுதுங்கள்: 'மேடம், இப்போது 5.6 வாங்குகிறேன், எதிர்பார்ப்பு 7.5.' அவர் தாளில் திருத்திக்கொள்வார். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்ல மட்டும் துணியாதீர்கள். ஆஃபர் தரும் முன் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். திருத்திய சீட்டு அங்கே மாட்டிக்கொண்டால், ரிமார்க்ஸ் கட்டத்தில் விழும் சொல்லை எந்த நன்றியாலும் அழிக்க முடியாது.

அழைப்பு வந்து, தொகை தெரிந்து, ஒத்துவராது என்று புரிந்த அன்றைக்கே, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் அந்த மெசேஜை அனுப்பிவிடுங்கள். உங்கள் தொகையை மறக்காமல் எழுதுங்கள்.