88-க்கும் 92-க்கும் நடுவே

"ஆக்சிஜன் தரவும், தேவைப்பட்டால்." வார்டு கேஸ் ஷீட்டில் சில நேரம் இவ்வளவுதான் எழுதியிருக்கும். எந்த மாஸ்க், எத்தனை லிட்டர், எந்த அளவுக்கு மேல் போகக்கூடாது, எப்போது நிறுத்துவது என்று எதுவும் இருக்காது. மாத்திரையை யாரும் இப்படி எழுதுவதில்லை. ஆக்சிஜனும் மருந்துதான். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு அது குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து.

காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளின் ரத்தக்குழாய்களை உடல் தானாகவே சுருக்கி, காற்றோட்டமுள்ள பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. ஆக்சிஜன் அதிகமானால் இந்தச் சுருக்கம் தளர்கிறது. கரியமில வாயுவை வெளியேற்ற முடியாத பகுதிகளிலும் ரத்தம் வீணாகச் சுற்றுகிறது. கரியமில வாயு தேங்கி ரத்தம் அமிலமாக, நோயாளி மயக்கத்தில் ஆழ்கிறார். இது ஒரு காரணம். வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன.

இதனால்தான் பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2008-இல் இலக்கை இரண்டாகப் பிரித்தது. பெரும்பாலான நோயாளிகளுக்கு 94–98 சதவீதம். கரியமில வாயு தேங்கும் ஆபத்துள்ளவர்களுக்கு 88–92. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, இந்த வரம்புக்குள் அளந்து ஆக்சிஜன் கொடுத்தபோது இறப்பு வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது.

ஓர் எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த அறுபது வயதைக் கடந்த பெண், மூச்சுத்திணறலுடன் வார்டில் சேர்கிறார். பல்ஸ் ஆக்சிமீட்டர் 82 காட்டுகிறது. அவருக்கான உத்தரவு இப்படி இருக்க வேண்டும்:

"ஆக்சிஜன்: இலக்கு 88–92%. 28% வெஞ்சுரி மாஸ்க், 4 லிட்டர். 92-க்கு மேல் போனால் 24%-க்குக் குறைக்கவும். 88-க்குக் கீழே போனால் ஒரு படி கூட்டி, டூட்டி டாக்டரை அழைக்கவும். 30–60 நிமிடத்தில் ஏபிஜி. நெபுலைசரைக் காற்றில் ஓட்டவும்."

வெஞ்சுரி மாஸ்க்கில் சதவீதத்தைத் தீர்மானிப்பது அதில் செருகும் வண்ண அடாப்டர். பல நிறுவனங்களின் மாஸ்க்குகளில் 24-க்கு நீலம், 28-க்கு வெள்ளை. சாதாரண மாஸ்க்கில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இரவில் மகள் பதறுகிறார்: "சிஸ்டர், பக்கத்து பெட்டுக்கு 98 காட்டுது, அம்மாவுக்கு 91தான். கொஞ்சம் கூட்டி வைங்களேன்." உத்தரவில் வரம்பு இருந்தால் சிஸ்டர் தயங்காமல் சொல்லலாம்: "அம்மாவுக்கு 91தாம்மா சரியான அளவு." வரம்பு இல்லாவிட்டால், சாதாரண மாஸ்க்கில் 8 லிட்டர் ஓடும், எண் 98-க்கு ஏறும், எல்லோரும் நிம்மதியாவார்கள். காலையில் அம்மா தலைவலி என்பார், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தூங்கி வழிவார், நீட்டிய கைகள் உதறும். ஆக்சிமீட்டரில் அப்போதும் 98தான் இருக்கும், ஏனென்றால் அதற்குக் கரியமில வாயு தெரியாது. அதைக் காட்டுவது தமனியில் ரத்தம் எடுத்துச் செய்யும் ஏபிஜி.

அந்த நிலையில் மாஸ்க்கைச் சட்டென்று கழற்றுவது இன்னொரு தவறு. ஆக்சிஜன் முன்பிருந்ததைவிடக் கீழே சரிந்துவிடும். 28 அல்லது 24 சதவீதத்துக்கு இறக்கி 88–92-இல் நிறுத்த வேண்டும். ரத்தத்தின் பிஎச் 7.35-க்குக் கீழே போய், கரியமில வாயுவும் உயர்ந்தே இருந்தால், மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணைசெய்யும் இயந்திரம் தேவைப்படலாம்.

சிகிச்சை பலித்து மூச்சு சீரானபின், குறைக்கும் முறையும் அதே ஷீட்டில் வர வேண்டும். "4 முதல் 8 மணி நேரம் வரம்புக்குள் நிலையாக இருந்தால் ஒரு படி இறக்கவும்: 28%, 24%, பிறகு மூக்குக்குழாயில் 1 லிட்டர், பிறகு நிறுத்தம்." ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் கூடவே நின்று பார்த்து, புதிய அளவையும் நேரத்தையும் எழுத வேண்டும். நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் கவனித்து, ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 88-க்குக் கீழே இறங்கினால், கடைசியாக நிலையாக இருந்த படிக்குத் திரும்பலாம். அதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டால் ஏதோ புதிதாகக் கெட்டிருக்கிறது; டாக்டர் வந்து பார்த்தாக வேண்டும்.

ஆக்சிஜன் நின்றாலும் ஷீட்டில் இலக்கை அடித்துவிடக் கூடாது. இரவில் மறுபடி மூச்சு வாங்கினால் அதுதான் வழிகாட்டும். முன்பு கரியமில வாயு தேங்கியவர் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் "இலக்கு 88–92%" என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை 108 வரும்போது மாஸ்க் போடுவதற்கு முன் அந்த வரியைக் காட்டுங்கள்.