அறுபதுக்கு ஒரு நிமிஷம்

திருச்சியைத் தாண்டியதும் ஒரு பச்சைப் பலகையில் 'மதுரை 120' என்று இருந்தது. மணி 4.20. அப்பாவுக்கு 6 மணிக்கு டாக்டரிடம் டோக்கன். "ஆறு மணிக்குள்ள போயிடுவோமாடா?" என்றார். வண்டி 80-ல் போய்க்கொண்டிருந்தது. "5.50-க்கு அங்க இருப்போம்பா" என்றேன். அவர், "நூத்தி இருபதுன்னா ரெண்டு மணி நேரமாச்சே" என்று மட்டும் சொன்னார்.

நான் போட்ட கணக்கு தப்பில்லை. 60 கி.மீ. வேகம் என்றால் ஒரு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். மீதித் தூரம்தான் மீதி நிமிஷம். 80-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் நிமிஷம். ஆக, தூரத்தில் கால்பங்கைக் கழித்தால் போதும். 120-ல் 30 போக 90 நிமிஷம். 90 வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கணும், 120-க்குப் பாதி. 40-ல் போனால் பாதியைக் கூட்டணும்.

ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தது 6.25-க்கு. டோக்கன் தாண்டிப்போய், ஒன்பது மணி வரை அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த 35 நிமிஷம் எங்கே போனது என்று அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.

முதல் திருட்டு ஸ்பீடோமீட்டரில். அது உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்றுதான் விதி. அதனால் பெரும்பாலான கார்களில் முள் சற்று முன்னாடியே நிற்கும். இதைச் சரிபார்க்க ரோட்டோரமே கருவி இருக்கிறது: மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கற்கள். முள்ளை 80-லேயே வைத்துக்கொண்டு பத்துக் கல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள் (வாட்சைப் பார்க்கிற வேலை பக்கத்து சீட்டுக்காரருடையது). ஏழரை நிமிஷம் ஆகணும். என் வண்டியில் எட்டு நிமிஷம் ஆகிறது. அதாவது நிஜ வேகம் 75. தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கழியும், கால்பங்கு இல்லை.

இரண்டாவது, கடைசி 12 கிலோமீட்டர். யானைமலை தெரிய ஆரம்பித்ததும் ஊர் வந்துவிட்ட மாதிரி மனசுக்குத் தோன்றும். ஆனால் அங்கிருந்து ஆட்டோவும் பஸ்ஸும் சிக்னலுமாக 30-ஐத் தாண்ட முடியாது. கிலோமீட்டருக்கு இரண்டு நிமிஷம், மொத்தம் 24. நான் இதற்கு ஒதுக்கியிருந்தது 9.

மூன்றாவது, துவரங்குறிச்சியில் குடித்த டீ. "அஞ்சே நிமிஷம்" என்று நிறுத்தியது, பாத்ரூம் போய்விட்டுத் திரும்ப ரோட்டில் ஏறும்போது 15 ஆகியிருந்தது.

இப்போது கூட்டுங்கள். 108 கி.மீ. × 0.8 = 86 நிமிஷம். ஊருக்குள் 24. டீ 15. மொத்தம் 125. 4.20-லிருந்து எண்ணினால் 6.25, கரெக்ட்.

இங்கே கவனிக்க வேண்டியது, நான் வேகங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கவில்லை. 75-ம் 30-ம் சேர்த்தால் நடுவில் ஐம்பத்திச்சொச்சம் வரும், அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. வேகங்களைக் கூட்ட முடியாது, நிமிஷங்களைக் கூட்டலாம். அதனால்தான் ஒவ்வொரு துண்டு ரோட்டையும் 'கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்' என்று மாற்றிக்கொள்வது. மேப் செயலிகள் செய்வதும் அடிப்படையில் இதே துண்டுக் கூட்டல்தான். ஆனால் நாம் குடிக்கப் போகிற டீ அதற்குத் தெரியாது.

இப்படி நிமிஷத்தில் யோசிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. 40-லிருந்து 60-க்குப் போனால் கிலோமீட்டருக்கு 30 விநாடி மிச்சம். 60-லிருந்து 80-க்கு 15 விநாடி. 80-லிருந்து 100-க்கு வெறும் 9. 100-லிருந்து 120-க்கு 6 தான். அதே இருபதுதான் ஒவ்வொரு தடவையும் கூட்டுகிறோம், கிடைப்பது மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. டீக்கடையில் விட்ட 15 நிமிஷத்தை 80-லிருந்து 100-க்கு ஏற்றிப் பிடிக்கணும் என்றால் முழுசாக நூறு கிலோமீட்டர் அப்படியே ஓட்டணும். மேலூர் தாண்டின பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்து நான் சம்பாதித்தது, நெற்றி வியர்வை தவிர, ஒரு இரண்டு நிமிஷம் இருக்கலாம்.

அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். 120 கிலோமீட்டருக்கு 125 நிமிஷம், அவர் சொன்னதற்கு ஐந்து நிமிஷம்தான் கூட. பஸ்ஸில் போன காலத்து வழக்கம் அது என்று நினைத்திருந்தேன். நாற்கர சாலை, ஊர் நெரிசல், ஒரு டீ மூன்றையும் கலந்தால் இன்றைக்கும் விடை ஏறக்குறைய அறுபதிலேயே வந்து நிற்கிறது. நடுவில் டோல் கேட்டில் வரிசை இருந்தாலோ, ரோட்டு வேலைக்காகத் திருப்பிவிட்டாலோ அதையும் மேலே சேர்க்கணும். மலைப்பாதைக்கு இது உதவாது, அங்கே கிலோமீட்டருக்கு இரண்டு நிமிஷம் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாத டோக்கனும் 6 மணிதான். 3.30-க்கே கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறேன். டீ ஃபிளாஸ்கில்.