முதலில் மீட்டர், பிறகு மற்றதெல்லாம்

எங்கள் எலக்ட்ரானிக்ஸ் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு,

"சார், எந்த கிட் வாங்கட்டும்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறீர்கள். முப்பது, நாற்பது சென்சார்களை ஒரே பெட்டியில் அடுக்கி விற்பதை இப்போதைக்கு வாங்க வேண்டாம். உதிரியாக வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் டி.வி. பழுதுபார்ப்பவரைக் கேட்டால், சாமான் கிடைக்கும் கடையைச் சொல்வார்.

பணத்தில் பெரும்பங்கு மல்டிமீட்டருக்குப் போகட்டும். மலிவான டிஜிட்டல் மீட்டரே போதும். ஆனால் இரண்டு கம்பிகளையும் தொட வைத்தால் 'பீப்' அடிக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பாதி நேரம் உங்களுக்கு உதவப் போவது அந்தச் சத்தம்தான்.

அடுத்து ஒரு பிரெட்போர்டு, இணைப்புக் கம்பிகள், நான்கு பென்சில் செல் போடும் கூடு. சதுரமான 9 வோல்ட் பேட்டரியை நான் பரிந்துரைப்பதில்லை. கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் இழுத்தாலே அதன் வோல்ட் இறங்கிவிடும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ரெசிஸ்டரில் 470 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் என்று வகைக்குப் பத்து. சிவப்பு எல்.இ.டி. பத்து, பிசி 547 டிரான்சிஸ்டர் ஐந்து, ஒளியை உணரும் எல்.டி.ஆர். இரண்டு. இவ்வளவுதான். சோல்டரிங் அயர்ன் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைத் தொடும் எந்த வேலையும் இந்த ஆண்டு கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

முதல் வேலை, ஒரு எல்.இ.டி.யை எரிய வைப்பது. பேட்டரியின் பிளஸிலிருந்து 470 ஓம், அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளமான கால், குட்டைக் கால் மைனஸுக்கு. ரெசிஸ்டரை விட்டுவிட்டு நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. தாங்கக்கூடியதைவிட மிக அதிக மின்சாரம் பாய்ந்து கருகிவிடும். விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். புது செல்களாக இருந்தால் பேட்டரி ஏறக்குறைய 6.3 வோல்ட் காட்டும். எல்.இ.டி.யின் இரு கால்களுக்கு நடுவே 1.9, ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே 4.4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் அதே 6.3. இனி 4.4-ஐ 470-ஆல் வகுங்கள்: 0.0094 ஆம்பியர், அதாவது 9.4 மில்லி ஆம்பியர். மின்னோட்டத்தை நேரடியாக அளக்காமலே கண்டுபிடித்துவிட்டீர்கள். இப்படிச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீட்டரை ஆம்பியரில் வைத்து மறதியாகப் பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டால் அது ஷார்ட் சர்க்யூட். பியூஸ் போகும், சில மீட்டர்களில் மீட்டரே போகும்.

எரியவில்லை என்றால் முதலில் எல்.இ.டி.யைத் திருப்பிப் போடுங்கள். அப்படியும் எரியாவிட்டால் பிரெட்போர்டைச் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் ஓடும் நீளமான பிளஸ், மைனஸ் வரிசைகள் சில போர்டுகளில் நடுவில் துண்டாகி இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வரிசையின் இரு கோடிகளிலும் மீட்டரை வைத்து 'பீப்' வருகிறதா பாருங்கள்.

இரண்டாவது வேலை, இருட்டினால் தானாக எரியும் விளக்கு. பிசி 547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் மைனஸுக்கு. முன்பு செய்த ரெசிஸ்டர், எல்.இ.டி. ஜோடியின் குட்டைக் கால் இப்போது மைனஸுக்குப் பதில் கலெக்டருக்கு. பிளஸிலிருந்து பேஸுக்கு 100 கிலோ ஓம். பேஸிலிருந்து மைனஸுக்கு எல்.டி.ஆர்.

வெளிச்சத்தில் எல்.டி.ஆரின் தடை சில ஆயிரம் ஓம்களாகக் குறைந்துவிடும். 100 கிலோ ஓம் வழியாக வரும் சிறிய மின்னோட்டம் அதன் வழியே மைனஸுக்கு இறங்கிவிடுகிறது, பேஸில் அரை வோல்ட்கூடச் சேராது. கையால் மூடினால் தடை ஏறுகிறது, பேஸ் 0.7 வோல்ட்டை நெருங்குகிறது, டிரான்சிஸ்டர் திறந்து விளக்கு எரிகிறது. மீட்டரின் கறுப்புக் கம்பியை மைனஸிலும் சிவப்பைப் பேஸிலும் வைத்துக்கொண்டு மூடித் திறந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

தவறு நேர்ந்தாலும் இதே அளவுதான் வழிகாட்டி. பேஸ் 0.7-ஐத் தாண்டி இரண்டு, மூன்று வோல்ட் என்று ஏறினால் எமிட்டர் மைனஸைத் தொடவில்லை, அல்லது டிரான்சிஸ்டர் பழுது. வெளிச்சத்திலும் 0.7 இருந்தால் எல்.டி.ஆரின் ஒரு கால் பக்கத்து வரிசையில் செருகியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு மங்கலாகவே எரிகிறதா? எல்.இ.டி.யின் வெளிச்சம் எல்.டி.ஆர். மேல் விழுந்து, தன்னைத் தானே அணைக்கப் பார்க்கிறது. கறுப்புக் காகிதத்தைக் குழாய்போலச் சுருட்டி எல்.டி.ஆரைச் சுற்றிச் செருகுங்கள், சரியாகிவிடும்.