பழைய கிரயப் பத்திரத்தின் எல்லையை மூடிய பலகோணமாக வரைதல்

ஒரு நிலத்தின் எல்லைக்கோடுகள் ஒவ்வொன்றும் எந்தத் திசையில், எவ்வளவு நீளம் செல்கின்றன என்று பத்திரத்தில் எழுதியிருந்தால், அந்த விவரத்தைக் கொண்டே நிலத்தின் வடிவத்தைத் தாளில் வரைய முடியும். ஒரு மூலைக்கல்லிலிருந்து புறப்பட்டு எல்லா எல்லைகளையும் சுற்றிவந்தால் புறப்பட்ட கல்லிலேயே வந்து முடிய வேண்டும். அவ்வாறு முடிவதே மூடிய பலகோணம். முடியாவிட்டால் பத்திரத்தில் எங்கோ தவறு இருக்கிறது. அந்தத் தவறு எந்த வரியில் இருக்கிறது என்பதையும் பெரும்பாலும் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பாலாற்றை ஒட்டிச் செல்லும் தோல் தொழில் பகுதியில் இது அடிக்கடி தேவைப்படும் வேலை. பழைய வடஆற்காடு மாவட்டத்துப் பத்திரங்களில் விவசாய நிலமாக எழுதப்பட்ட இடங்கள் பின்னர் தோல் பதனிடும் ஆலைகளாகவும், கழிவுநீர்க் குட்டைகளாகவும், மனைகளாகவும் பிரிந்துள்ளன. தோல் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. நில இழப்பீடு, வங்கிக் கடன், பாகப்பிரிவினை எதுவாயினும், நிலம் எத்தனை சென்ட், அது எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

== பத்திரத்தில் என்ன இருக்கும் ==

தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்களில் பெரும்பாலானவை திசைகோணம் தருவதில்லை. சொத்து விவரத்தில் சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை ஆகியவையே இருக்கும். நான்கு எல்லை எழுதும் முறையும் புதியவரைக் குழப்பும். 'வாய்க்காலுக்கு மேற்கு' என்றால் வாய்க்கால் மேற்கில் இருப்பதாகப் பொருள் இல்லை. நிலம் வாய்க்காலுக்கு மேற்கில் இருக்கிறது. ஆகவே வாய்க்கால் நிலத்தின் கிழக்கு எல்லை.

தனியார் அளவையாளர் திசைகாட்டியும் சங்கிலியும் கொண்டு அளந்து கொடுத்த பட்டியல் சேர்ந்த பத்திரங்களில் மட்டுமே 'வடக்கிலிருந்து கிழக்காக 10 பாகை, 300 லிங்க்' என்பது போன்ற வரிகள் வரும். லிங்க் என்பது 66 அடிச் சங்கிலியின் நூறில் ஒரு பங்கு, அதாவது 7.92 அங்குலம். இந்த அலகில் ஒரு வசதி உண்டு. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் ஆகும். பரப்பைக் கண்டுபிடித்து ஆயிரத்தால் வகுத்தால் போதும்.

== கணக்கின் அடிப்படை ==

பாகைமானியால் ஒவ்வொரு கோணத்தையும் தாளில் வைத்து வரையலாம். ஆனால் ஒரு கோட்டில் நேர்ந்த சிறு பிழை அடுத்த கோடுகளுக்கும் சேர்ந்துவிடும். வரைபடம் மூடவில்லை என்றால் தவறு பத்திரத்திலா, பென்சிலிலா என்று தெரியாது. எனவே முதலில் எண்களால் கணக்கிட்டு, பிறகு வரைவதே நல்லது.

ஒவ்வொரு எல்லைக்கோட்டையும் இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். அது வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு போகிறது என்பது ஒன்று, கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு போகிறது என்பது மற்றொன்று. கோட்டின் நீளம் L, வடக்கு-தெற்குக் கோட்டிலிருந்து அது விலகும் கோணம் θ என்றால், முதல் கூறு L cos θ, இரண்டாவது L sin θ. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். சுற்றி முடித்ததும் இரண்டு கூறுகளின் கூட்டுத்தொகையும் சுழியமாக வேண்டும். மீதி நிற்பதே மூடல் பிழை.

== ஓர் எடுத்துக்காட்டு ==

விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஆம்பூர்ப் பகுதி நிலம். நான்கு மூலைகளும் அ, ஆ, இ, ஈ. அளவுகள் லிங்கில் உள்ளன. விஸ்தீரணம் 1 ஏக்கர் 6½ சென்ட், அதாவது 106½ சென்ட். கிழக்கு எல்லை பக்கத்து நிலத்தின் வரப்பு.

| கோடு | திசைகோணம் | நீளம் | வடக்கு (+) தெற்கு (−) | கிழக்கு (+) மேற்கு (−) |
|---|---|---|---|---|
| அ–ஆ | வடக்கிலிருந்து கிழக்காக 10° | 300 | +295.4 | +52.1 |
| ஆ–இ | தெற்கிலிருந்து கிழக்காக 80° | 400 | −69.5 | +393.9 |
| இ–ஈ | தெற்கிலிருந்து கிழக்காக 15° | 250 | −241.5 | +64.7 |
| ஈ–அ | வடக்கிலிருந்து மேற்காக 87½° | 382 | +16.7 | −381.6 |
| மொத்தம் | | 1332 | +1.1 | +129.1 |

வடக்கு-தெற்கில் 1.1 லிங்க் மட்டுமே மீதி. கிழக்கு-மேற்கில் 129.1 லிங்க், அதாவது ஏறத்தாழ 85 அடி மீதி. சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு. அரைப் பாகைக்கு மேல் நுட்பமாகப் படிக்க முடியாத திசைகாட்டி 400 லிங்க் கோட்டில் மூன்றரை லிங்க் வரை விலக்கக்கூடும். எனவே சுற்றளவில் முந்நூறில் ஒரு பங்கு வரையிலான பிழையைக் கருவியின் இயல்பு என்று விட்டுவிடலாம். பத்தில் ஒரு பங்கு அப்படிப்பட்டதல்ல. எழுத்தில் நேர்ந்த தவறு.

இங்கே பலர் செய்யும் பிழை, கடைசிப் புள்ளியிலிருந்து தொடக்கப் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து 'மூடிவிட்டது' என்று முடிப்பதாகும். அவ்வாறு ஈ மூலையைப் பத்திரம் சொன்ன இடத்திலேயே வைத்து அ-வுடன் சேர்த்தால் பரப்பு 121 சென்ட் வரும். பத்திரம் சொல்வதைவிட 14½ சென்ட், அதாவது 6,300 சதுர அடி அதிகம். அந்த நிலம் கிழக்குப் பக்கத்து உரிமையாளருடையது.

== தவறு எந்த வரியில்? ==

மீதியின் திசையும் அளவும் தடயங்கள். ஒரு கோட்டின் நீளம் மட்டும் தவறாக இருந்தால் மீதி அந்தக் கோட்டுக்கு இணையான திசையில் இருக்கும். ஒரு கோடு முழுவதும் விடுபட்டிருந்தால் மீதியே அந்தக் கோடு. கிழக்கு, மேற்கு என்ற சொற்கள் மட்டும் மாறியிருந்தால் வடக்கு-தெற்குக் கணக்கு சரியாகவே இருக்கும். கிழக்கு-மேற்கில் மட்டும் அந்தக் கோட்டின் கூறு போல் இரண்டு மடங்கு மீதி நிற்கும்.

129.1-இன் பாதி 64.55. பட்டியலில் இ–ஈ கோட்டின் கிழக்குக் கூறு 64.7. 'தெற்கிலிருந்து மேற்காக 15 பாகை' என்பது 'கிழக்காக' என்று மாறியிருக்க வேண்டும். மாற்றிப் பார்த்தால் கிழக்கு-மேற்கு மீதி −0.3 ஆகிறது. மொத்த மூடல் பிழை 1.1 லிங்க், ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

ஆனால் இந்த இடத்தில் நின்று இன்னொரு விளக்கத்தையும் சோதிக்க வேண்டும். ஈ–அ கோடும் ஏறத்தாழ கிழக்கு-மேற்காகவே செல்கிறது. அதன் நீளம் 382 அல்ல, 511 என்று வைத்தாலும் கிழக்கு-மேற்கு மீதி மறைந்துவிடும். வடக்கு-தெற்கில் 6.7 லிங்க் நிற்கும், சுற்றளவில் இருநூறில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. மட்டமான அளவை என்று சொல்லலாம், நடக்கவே முடியாதது என்று சொல்ல முடியாது. நிலத்தை வாங்கியவர் இந்த விளக்கத்தையே விரும்புவார், ஏனென்றால் அதில்தான் 121 சென்ட் கிடைக்கிறது.

இரண்டில் எது சரி என்பதை மூடல் கணக்கு மட்டும் தீர்க்காது. பத்திரத்தின் விஸ்தீரணம் தீர்க்கிறது. 'மேற்காக' என்று திருத்திய பலகோணத்தின் பரப்பு 106.6 சென்ட். பத்திரத்தில் 106½. 511 என்பது 382 ஆக எழுதப்பட எண்களிலும் எழுத்துகளிலும் ஒற்றுமையும் இல்லை. 'கிழக்கு', 'மேற்கு' இடம் மாறுவது படியெடுப்பவருக்கு எளிதாக நேரும் பிழை. சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் முன்பு பத்திரங்களைக் கையால்தான் படியெடுத்தார்கள். எனவே சான்றிட்ட நகலை மட்டும் நம்பாமல் அசல் பத்திரத்தையும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரத்தையும் அருகில் வைத்து அந்த வரியைப் படிக்க வேண்டும். நகலில் மட்டும் தவறு என்றால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். அசலிலேயே தவறு என்றால் விற்றவரோ அவருடைய வாரிசுகளோ சேர்ந்து பிழைதிருத்தல் பத்திரம் எழுதித்தர வேண்டியிருக்கும்.

== சிறு பிழையைப் பகிர்தல் ==

பெரிய தவறு நீங்கிய பிறகே எஞ்சிய 1.1 லிங்கைப் பகிரலாம். நத்தானியல் போடிச் என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் விதிப்படி, ஒவ்வொரு கோட்டின் நீளமும் சுற்றளவில் என்ன பங்கோ அதே பங்கு பிழையை அந்தக் கோட்டிலிருந்து கழிப்பார்கள். 300 லிங்க் கோட்டுக்கு வடக்குக் கூறில் கால் லிங்க் குறையும். 129 லிங்கையும் இதே விதியால் பகிர்ந்துவிட முடியும், பலகோணம் அழகாக மூடும், ஆனால் நான்கு மூலைகளில் மூன்று இடம் தவறிவிடும். மென்பொருளில் 'சரிசெய்' பொத்தானை முதலில் அழுத்துவதன் ஆபத்து இதுதான்.

பரப்புக்கு மூலைகளின் ஆயத்தொலைவுகள் போதும். ஒரு மூலையின் கிழக்குத் தொலைவு x, வடக்குத் தொலைவு y என்றால், சுற்றுவரிசையில் ஒவ்வொரு அடுத்தடுத்த இணைக்கும் x₁y₂ − x₂y₁ கண்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். குறி கழித்தலாக வந்தால் வலஞ்சுழியாகச் சுற்றியிருக்கிறோம் என்று மட்டுமே பொருள்.

== மூடினாலும் தப்பும் தவறுகள் ==

மூடிய பலகோணம் எல்லாவற்றுக்கும் சான்றல்ல. திசைகாட்டி முள் உண்மை வடக்கைக் காட்டாமல் காந்த வடக்கைக் காட்டும். வேலூர்ப் பகுதியில் இந்த விலகல் தற்போது ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு பாகை மேற்கு, காலப்போக்கில் மாறக்கூடியது. எல்லாக் கோடுகளுக்கும் ஒரே அளவு விலகல் என்பதால் வடிவம் முழுவதும் சுழலும், மூடலும் பரப்பும் மாறா. நீளத்தை அடியா லிங்கா என்று தவறாகப் படித்தாலும் பலகோணம் மூடும், பரப்பு மட்டும் காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன எண்களை அடி என்று எடுத்தால் 245 சென்ட் அளவில் வரும்.

உள்ளூர்க் காந்தக் கவர்ச்சி வேறு வகை. கொதிகலன், இரும்புத் தகட்டுக் கூரை, மின்கம்பி ஆகியவற்றின் அருகே ஒரு மூலையில் மட்டும் முள் விலகும். ஒரே கோட்டை இரு முனைகளிலிருந்தும் படித்தால் இரண்டு திசைகோணங்களும் சரியாக 180 பாகை வேறுபட வேண்டும். ஆலைக்குள் இருக்கும் மூலையில் இது பொருந்தாவிட்டால் கருவியைச் சந்தேகிக்கலாம்.

பத்திரத்தின் கடைசி வரியில் அளவு இல்லாமல் 'அங்கிருந்து புறப்பட்ட கல்லைச் சேரும்' என்று இருந்தால் மூடலைச் சோதிக்கவே முடியாது. அந்தக் கோட்டைக் கணக்கிடலாம், ஆனால் முன்வந்த தவறுகள் எல்லாம் அதற்குள் புகுந்துகொள்ளும்.

== நிலத்தில் பொருத்துதல் ==

முடிந்த பலகோணத்தை வருவாய்த் துறையின் புலப்படத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய புலப்படங்களில் திசைகோணம் இருக்காது. நிலத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரித்து, செங்குத்துத் தூரங்களால் வளைவுகளைக் குறித்திருப்பார்கள். இரண்டிலும் பொதுவான குறைந்தது இரண்டு கற்களைக் கண்டு, பலகோணத்தை நகர்த்தியும் சுழற்றியும் பொருத்தலாம். இழுத்து நீட்டக் கூடாது. கற்களுக்கு இடையிலான நீளம் ஒத்துவராவிட்டால் சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கலாம், அல்லது ஒரு கல் இடம் மாறியிருக்கலாம்.

எல்லைக்கும் விஸ்தீரணத்துக்கும் முரண் வந்தால், நீதிமன்றங்கள் பொதுவாகத் தெளிவான எல்லைகளுக்கே முன்னுரிமை தருகின்றன. எடுத்துக்காட்டு நிலத்தில் கிழக்கு வரப்பு இன்றும் இருக்கிறது என்றால், அது இ மூலையிலிருந்து தென்மேற்காகச் சாய்கிறதா, தென்கிழக்காகவா என்று நின்று பார்த்தாலே பத்திரத்தின் எந்த வாசிப்பு சரி என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு அதிகாரபூர்வமாக எல்லை காட்டுவதற்கு, 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, அரசு நில அளவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தாளில் வரைந்த பலகோணம் அந்த அளவைக்கு மாற்று ஆகாது. நில அளவர் வரும் நாளில் எந்தக் கல்லைத் தேட வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லும்.