கொசுவத்தி எரியும் மூடிய அறை

சைபர்மெத்ரின் டப்பாவைத் தோட்டத்துக்குள்ளேயே விடமாட்டேன் என்று உறுதியாக நிற்கும் நம் உழவர்கள் பலர் வீட்டில், ராத்திரி எட்டு மணியானால் கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி புகைகிறது. அதிலுள்ள அலெத்ரினும் டிரான்ஸ்ஃப்ளூத்ரினும் சைபர்மெத்ரினுக்குப் பங்காளிகள்தான். பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம்.

ஆனால் மருந்தைவிடப் பெரிய தொந்தரவு புகை. வத்தியில் பூச்சிமருந்து பொதுவாக நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மரத்தூள், கொட்டாங்கச்சித் தூள், பசை மாவு, சாயம். இது கொழுந்துவிட்டு எரியாமல் விடிய விடியக் கனன்று, நுரையீரலின் அடிவரை இறங்கக்கூடிய நுண்துகளைக் கக்குகிறது. சீன, மலேசிய வத்திகளைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு வத்தி விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. அதற்காக, தூங்குகிறவர் நூறு சிகரெட் குடித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. திண்ணையில் எரிந்தால் காற்று பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். பத்தடிக்குப் பத்தடி அறையில் கதவைச் சாத்திவிட்டால் அது எங்கே போகும்? கம்பம், கூடலூர்ப் பக்கம் மார்கழி, தையில் குளிருக்காக எல்லாச் சன்னலையும் அடைத்துவிடுகிறோம். அந்த மாதங்கள்தான் மோசம்.

ஒருநாள் புகையில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் சேரும்போது மூச்சுக்குழாய் தடித்து, விடாத இருமல், இழுப்பு என்று வரும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு உடனே தூண்டிவிடும். தைவானில் 2008-ல் வந்த ஆய்வு, வாரம் மூன்று முறைக்கு மேல் வத்தி கொளுத்தும் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொடர்பு என்பது நிரூபணம் ஆகாது. ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது. வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். காலையில் எழுந்ததும் தொண்டைக் கரகரப்பும் இருமலும் வந்து, நாலு நாள் வெளியூர் போனால் அது நிற்கிறதென்றால், படுக்கையறைப் புகையைச் சந்தேகப்படுங்கள். இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை செய்துகொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேப்பிலை, நொச்சி, சாணிவரட்டி மூட்டமும் புகைதான். ரசாயனம் இல்லையே என்று தொட்டில் பிள்ளை இருக்கும் அறையில் போடக்கூடாது. மாட்டுத் தொழுவத்தில், திறந்த வெளியில் போடுங்கள், சரி. மின்சாரத்தில் ஆவியாகும் திரவத்தில் புகை இல்லை. ஆனால் பைரித்ராய்டு அறைக்காற்றில் இருந்துகொண்டேதான் இருக்கும். கடைகளில் தொங்கும் பெயர் தெரியாத கொசு ஊதுபத்திகள் இன்னும் மோசம். பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு எண் இல்லாத எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அப்போ என்ன செய்வது? ராத்திரிக்குக் கொசுவலைதான். மருந்து தோய்க்காத சாதா வலையே போதும், ஆனால் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலையாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்டையை அன்றைக்கே தைத்துவிடுங்கள். கையோ காலோ வலையில் ஒட்டினால் வெளியிலிருந்தே கடித்துவிடும், அதனால் கட்டிலைவிட அகலமாக வாங்கி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். வலைக்குள் காத்து வராது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் கொசு நிலைத்துப் பறக்க முடியாது என்பதால், அதை வலைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். சன்னலுக்கு வலை அடித்துவிட்டால் குளிர்காலத்திலும் ஒரு பக்கம் திறந்தே வைக்கலாம்.

பகலில் கடிக்கும் டெங்கு கொசுவுக்கு ராத்திரி வத்தியும் உதவாது, வலையும் உதவாது. அது தொட்டியிலும் குடத்திலும் நல்ல தண்ணீரில் வளர்வது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். ராத்திரிக் கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகுகிறது. டேங்கின் காற்றுக்குழாய் வாயில் ஒரு துண்டு வலையைக் கட்டினால் அந்த வழி அடைபடும். நம் தோட்டத்திலும் ஒரு பண்ணை இருக்கிறது: ஜீவாமிர்தம் கலக்கிவிட்டுக் கவிழ்க்காமல் போட்ட 200 லிட்டர் டிரம்மில் மழைத்தண்ணீர் சேர்ந்தால் பத்து நாளில் கொசு பறக்கும். பயன்பாட்டில் இருக்கும் டிரம்மின் வாயைப் பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், மற்றதைக் கவிழ்த்து வையுங்கள்.

முல்லைப் பெரியாறு தண்ணீரில் இருபோகம் நடும் வயலும் கொசு வளரும் இடம்தான். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், 1990-களில் நெல் வயல்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதையும் வேப்பம் பிண்ணாக்கையும் சேர்த்துச் சோதித்தது. மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுப்புழுக்கள் குறைந்தன. மண் சமமாக இல்லாத வயலில் பள்ளங்களில் தண்ணீர் நின்றுவிட்டால் பலன் கிடைக்காது. அதனால் நடவுக்கு முன் பரம்படிக்கும்போதே பள்ளம் மேடு இல்லாமல் சமப்படுத்திவிடுங்கள்.